அறுபது மீட்டர் கயிறு

தேனியில் அரசுத் தேர்வுக்குப் பயிற்சி தரும் மையமொன்றில் நான் கணக்கு நடத்தினேன். அங்கே நாளுக்கு ஒரு பாடம். திங்கள் மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) என்றால் அன்று ஐம்பது கணக்கும் மீ.சி.ம.தான். ஐம்பதும் சரியாகப் போட்டவருக்கு எல்லாரும் கைதட்ட வேண்டும். உரிமையாளர் உடனே படமெடுத்து ஸ்டேட்டஸில் போடுவார். அந்தக் கைதட்டல் எனக்குப் பிடிக்காது. கரும்பலகையில் தலைப்பை எழுதிவிட்டால் கேள்வியைப் படிக்கவே தேவையில்லையே!

சுருளிப்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு பெண் இருந்தாள். திராட்சைத் தோட்டத்தில் காலை வேலையை முடித்துவிட்டு வருவாள். வயது வரம்பு முடிகிறது, அந்த ஆண்டை விட்டால் அவளுக்கு வேறு தேர்வில்லை. அவளுக்குத்தான் அதிகக் கைதட்டல்.

ஒரு வாரம் நான் முறையை மாற்றினேன். மீ.சி.ம., மீ.பெ.கா. (மீப்பெரு பொதுக் காரணி), விகிதம், வேலையும் நேரமும் எல்லாவற்றையும் கலந்து தலைப்பில்லாமல் கொடுத்தேன். ஐம்பது வாங்கியவர்கள் இருபதுக்கு இறங்கினார்கள். அவளும்தான். எந்த வழியில் போடுவது என்று யோசிப்பதே பாதி வேலை, தடுமாறித்தான் அது பழகும் என்று சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

"மிஸ், நல்லா போட்டுக்கிட்டு இருந்தேன். இப்பக் குழம்புது. பழையபடியே நடத்துங்க மிஸ்," என்றாள்.

உரிமையாளர் என்னை அறைக்குள் கூப்பிட்டார். "ஏம்மா, புள்ளைக மூஞ்சியப் பாத்தியா? மார்க்கு இறங்குனா கம்பத்துல இருந்து எவுக வருவாக இங்கன? நாளைக்கு மீ.சி.ம. மட்டும் நடத்து."

நான் நடத்தினேன். சரி என்று தெரிந்ததை விட்டுவிட்டு, தலையாட்டிக்கொண்டு நடத்தினேன். அவள் மறுபடி ஐம்பது வாங்கினாள். நானும் கைதட்டினேன்.

தேர்வு முடிந்த மறுநாள் அவள் வினாத்தாளோடு வந்தாள். நாற்பத்தெட்டு மீட்டர், அறுபது மீட்டர் கயிறுகள் இரண்டு. மிச்சமில்லாமல் சம நீளத் துண்டுகளாக வெட்ட வேண்டும். ஒரு துண்டு அதிகபட்சம் எவ்வளவு நீளம்? அவள் குறித்திருந்தது இருநூற்று நாற்பது, அதாவது மீ.சி.ம.

அறுபது மீட்டர் கயிற்றிலிருந்து இருநூற்று நாற்பது மீட்டர்த் துண்டு! தோட்டத்தில் திராட்சைக் கொடி கட்டக் கயிறு அளந்து வெட்டுகிறவள் அவள்.

"இது மீ.பெ.கா.," என்று மட்டும் சொன்னேன்.

அரை நிமிஷம்கூட ஆகவில்லை. "பன்னெண்டு," என்றாள். பிறகு வினாத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு எல்லாக் கணக்கும் தெரியும் மிஸ். இது என்ன கணக்குன்னு சொல்லத்தான் அங்கன ஆளில்ல."

பக்கத்து வகுப்பில் யாரோ ஐம்பது வாங்கியிருந்தார்கள். கைதட்டும் சத்தம் கேட்டதும், பழக்கத்தில் என் கைகளும் ஒரு முறை சேர்ந்து பிரிந்தன. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.