ஒரே பருவத்தில் ஏழு தாள்கள்

நான் ஒரு பெண்ணை அடித்திருக்கிறேன். தண்ணீர் நிறைந்த எஃகுக் குப்பியால், இடது புருவத்துக்கு மேலே. சினத்தில் கை தவறியது என்று சொல்லிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. குப்பியை எடுத்தேன், குறி பார்த்தேன், எறிந்தேன்.

வளைகுடா நகரொன்றின் கராமாப் பகுதியில் ஓர் அறையில் நான்கு பெண்கள் இருந்தோம். எனக்கு எதிர்க்கட்டிலில் இருந்தவர் ஒரு மருத்துவமனைச் செவிலியர், நாகர்கோவில் பக்கத்துக்காரர். காலை ஒன்பது முதல் ஒன்று வரை ஒரு டியூட்டி, மாலை ஐந்து முதல் ஒன்பது வரை இன்னொன்று. இடைப்பட்ட நான்கு மணி நேரம்தான் அவருக்குப் பகல். அந்தப் பகலில் ஊரில் இருந்த தம் எட்டு வயது மகளோடு காணொளியில் பேசுவார்.

நான் அல் குசைஸில் ஒரு சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் ஆவணங்கள் தட்டச்சு செய்பவள். அதோடு ஊர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் தொலைநிலைக் கல்வியாக முதுகலைத் தமிழிலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். சனி, ஞாயிறுகளில் ஷார்ஜாவில் இருந்த படிப்பு மையத்தில் வகுப்பு. ஆண்டுக்கு இருமுறை, டிசம்பரிலும் ஜூனிலும், தேர்வு. நான்கு பருவம், பருவத்துக்கு ஐந்து தாள், மொத்தம் இருபது. இரண்டாண்டில் முடிக்கலாம், நான்காண்டு வரை இழுக்கவும் விதி இடம் கொடுத்தது. நான் அப்பாவிடம் இரண்டு ஆண்டு என்று சொல்லியிருந்தேன். அந்தச் சொல்லை நம்பி அவர் ஒரு மாப்பிள்ளை வீட்டாரைக் காத்திருக்க வைத்திருந்தார்.

முதல் பருவத்தில் இரண்டு தாள் போயிற்று. இலக்கணமும் ஒப்பிலக்கியமும். அப்போது வேகத்தைக் குறைத்திருக்க வேண்டும். நான் கூட்டினேன். ஜூனில் அந்தப் பருவத்து ஐந்தோடு இரண்டு அரியரையும் சேர்த்து ஏழு தாளுக்குப் பதிவு செய்தேன். அரியர் தாள்கள் வார நாள்களில் விழுந்தன. இந்நாட்டுச் சட்டம் தரும் தேர்வு விடுப்பு இங்கே அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் படிப்பவர்களுக்குத்தான், எனக்கு இல்லை. ஆண்டு விடுப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதைக் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. நான் படிப்பதே அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

மே மாதம் முழுவதும் நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் தூங்கினேன். மெட்ரோவில் நின்றபடி நூற்பா மனனம் செய்தேன். தலைக்குள் ஏதோ ஒன்று பல்லைக் கடித்தபடியே இருந்தது. குழாய் சொட்டுவதும் செருப்பு உரசுவதும் என்னைத் தாக்கவே நிகழ்வதாகப் பட்டது.

ஒரு வியாழக்கிழமை, கப்பல் ஏற்றுவதற்கான ஆவணத்தில் கண்டெய்னர் எண்ணின் இரு இலக்கங்களை மாற்றி அடித்துவிட்டேன். கெடு முடிய ஒரு மணி நேரம் இருந்தபோது கண்டுபிடித்தார்கள். கீழக்கரைக்காரரான மேலாளர் கோப்பை என் மேசையில் ஓங்கி அறைந்தார். தேநீர் சிதறி என் மணிக்கட்டில் விழுந்தது.

"தூங்கிக்கிட்டா அடிச்சே? ஒரு நம்பரைப் பாத்து அடிக்கத் தெரியாதா? இன்னொரு தடவை இப்படி ஆச்சு, கலாஸ், எல்லாம் முடிஞ்சுது. வீட்டுக்குப் போயிக்கலாம்."

திருத்தி அனுப்பினேன். மணிக்கட்டில் தோல் சிவந்து எரிந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை, அரை நாள் வேலை. இரண்டு மணிக்கு அறைக்கு வந்தேன். மற்ற இருவரும் வேலையில் இருந்தார்கள். செவிலியர் அக்கா தொலைபேசியைத் தலையணையில் சாய்த்து வைத்து, ஒலிபெருக்கியில் மகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏழெட்டு?"

"ஐம்பத்தி... நாலு."

"மறுபடியும் சொல்லு மக்கா. ஏழெட்டு?"

"அக்கா, கொஞ்சம் மெதுவா" என்றேன். குறைத்தார். பிள்ளை கேட்கவில்லை என்று அழ, மறுபடி கூட்டினார். ஏழெட்டு. ஏழெட்டு. என் முன் விரிந்திருந்த பக்கத்தில் ஒரே வரியை ஒன்பதாவது முறையாக வாசித்தேன். பிறகு குப்பி என் கையில் இருந்தது.

அடி விழுந்த ஓசை சிறியது. அவர் புருவம் பிளந்து இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. திரையில் குழந்தை அதைப் பார்த்தது. முதலில் அது கத்தவில்லை. "அம்மா, ரத்தம்" என்று தகவல் சொல்வது போலச் சொன்னது. பிறகுதான் கத்தியது. அக்கா திரையைக் கவிழ்த்துவிட்டு, துண்டைக் காயத்தில் அழுத்தி, என்னைப் பாராமல் வெளியே போனார்.

மூன்று மணி நேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். மருத்துவமனையில் அடிதடிக் காயம் என்று தெரிந்தால் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும். வழக்கு வரும்; வேலை, விசா, பட்டம் எல்லாம் 'அறைத்தோழி அடித்தாள்' என்ற ஒரு வாக்கியத்தில் போய்விடும். அந்த வாக்கியம் அவர் வாயில் இருந்தது.

மாலை டியூட்டிக்குப் போகாமல் திரும்பி வந்தார். மூன்று தையல். கதவைச் சாத்தினார். கன்னத்தில் ஓர் அறை விட்டார், காது அடைத்துக்கொண்டது. இன்னொன்று. நான் கையைத் தூக்கவில்லை.

"அலமாரிக் கதவு இடிச்சுன்னு சொல்லியிருக்கேன். ஒனக்காவ இல்ல பிள்ளே. கேசுன்னு போனா நானும் ஸ்டேஷனுக்கு நடக்கணும், எனக்க லீவு போயிடும். எனக்க மவ என்ன கண்டா தெரியுமா? இனி போன் எடுக்கும்போதெல்லாம் அவ எனக்க நெத்தியத்தான் பாப்பா."

"மன்னிச்சிடுங்க அக்கா."

"அத நீ வச்சுக்கோ. எத்தன பரீட்ச?"

"ஏழு."

"ஏழா? பைத்தியமா ஒனக்கு? ரெண்டு டியூட்டிய ஒண்ணா செஞ்ச நர்சு ஊசிய மாத்திப் போடுவா. நான் கண்டிருக்கேன். ஏழும் எழுதணும்னா நாளைக்கே பெட்டிய எடுத்துட்டு வேற ரூம் பாத்துக்கோ. இங்க இருக்கணும்னா மூணு. அதுக்கு மேல ஒண்ணு கூடாது."

மறுநாள் படிப்பு மையத்தில் கேட்டேன். பதிவைத் திருத்தக் கடைசி நாள் கடந்திருந்தது. "எழுதலைன்னா ஆப்சென்ட்தாம்மா. டிசம்பர்ல அரியரா எழுதிக்கலாம்" என்றார் ஒருங்கிணைப்பாளர். மதிப்பெண் பட்டியலில் நான்கு இடங்களில் 'வரவில்லை' என்று வரும். வெளியே பேருந்து நிறுத்தத்தில் நின்று கணக்குப் போட்டேன். தேர்ச்சி பெற்றவை மூன்று, மிச்சம் பதினேழு. ஒவ்வொரு தேர்வுக்கும் மூன்று என்றால் ஆறு தேர்வு. நான்காண்டுக் கெடுவுக்குள் அடங்கியது, ஒரு தேர்வுக்கு இடம்விட்டு.

அங்கிருந்தே அப்பாவை அழைத்தேன்.

"நாலு வருசமா? ரெண்டுன்னு நீதானே சொன்னே? அவங்க மூஞ்சியில எப்படி முழிக்கிறது? எதையாவது நிறுத்து, வேலையை இல்ல படிப்பை!"

"ரெண்டையும் நிறுத்தலப்பா. மெதுவாப் பண்றேன்."

ஏதோ உடையும் ஓசை கேட்டது. பிறகு இணைப்பு அறுந்தது. மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்கவில்லை. அப்பா இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

இரண்டு அரியரையும் புதிதாக ஒன்றையும் எழுதினேன். அரியர் இரண்டும் வார நாள்களில். அவற்றுக்கு மேலாளரிடம் போய் இரண்டு நாள் விடுப்புக் கேட்டேன். "பரீட்சையா? இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்று கத்திவிட்டுக் கையெழுத்திட்டார். வெள்ளிக்கிழமை பகல்களில் புத்தகத்தோடு அறையை விட்டு வெளியேறி, பேரங்காடியின் உணவுக்கூடத்தில் ஐந்து மணி வரை இருந்தேன். அந்த நான்கு மணி நேரம் அக்காவுக்கும் அவர் மகளுக்கும் உரியது.

முடிவு வந்த மாலை அக்கா டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். எங்களுக்குள் அதுவரை தேவைக்கு மேல் பேச்சில்லை.

"பாஸாயிட்டேன்."

"மூணுமா?"

"மூணும்."

காலணியை மாட்டிக்கொண்டே தலையாட்டினார். புருவத்துக்கு மேலே அந்தக் கோடு வெளுத்திருந்தது.

"அப்ப டிசம்பருக்கும் மூணு. நாலாவது ஒண்ணுக்கு நீ பேரு குடுத்தேன்னு கேள்விப்பட்டா, நான்தான் அடிப்பேன், அறிஞ்சுக்கோ."

அவர் சிரிக்கவில்லை. மூன்றுக்குத்தான் பதிவு செய்தேன்.