மிகையாகாது ரீச்சர்

உரும்பிராயில் அவருக்கு வைத்த பெயர் ஞானாம்பிகை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்த பெயர் "மிகையாகாது ரீச்சர்". இருபது வருடங்களுக்கு மேலாகத் தமிழ் படிப்பிக்கிறவர். அவர் கொடுத்த இலக்கியக் குறிப்புகள் கொப்பிக்குக் கொப்பி தாவி, போட்டோக் கொப்பிக் கடைக்குப் போய், பிறகு பக்கத்து ஊர் ரியூசன் கொட்டில்களுக்கும் போய்ச் சேர்ந்தன. அவற்றில் எந்தப் பந்தியைப் பார்த்தாலும் கடைசியில் "என்றால் அது மிகையாகாது" என்று வந்து நிற்கும். அந்தப் பெயர் அவர் காதிலும் விழுந்ததுதான். கோபம் வரவில்லை. சொல்லப்போனால் உள்ளுக்குள் கொஞ்சம் புளுகமாக, பெருமையாகவே இருந்தது.

அப்படிப்பட்டவரைப் பிடித்துத்தான், மனப்பாடக் குறிப்புக்குப் புள்ளி குறைக்கிற புள்ளியிடல் திட்டம் ஒன்றைச் செய்யச் சொன்னார்கள். விதி செய்கிற பகிடியைப் பாருங்கள்!

வலயத்து ஆசிரிய ஆலோசகர் ஜெயதீபன் விவரமான ஆள். தரம் பதினொன்றின் தவணைப் பரீட்சையில் இலக்கியக் கட்டுரைக்குப் புதுத் திட்டம் வரவேண்டும் என்று முடிவானதும், தமிழ் ஆசிரியர்கள் சிலரை மருதனார்மடத்துக்குக் கூப்பிட்டார். குழுவுக்குத் தலைவி ஞானாம்பிகை.

"ரீச்சர் கையெழுத்து வைச்சால் மற்ற எல்லாரும் வைப்பினம். நீங்கள் மாட்டன் எண்டால் இது இண்டையோட சரி," என்று முகத்துக்கு நேரேயே சொல்லிவிட்டார்.

கட்டுரைக்கு எடுத்திருந்த பாடம் "பங்குக்கிணறு" என்ற சிறுகதை. மழை பொய்த்த வருடம். அண்ணனும் தம்பியும் ஒரு கிணற்றில் முறைவைத்து இறைக்கிறார்கள். அண்ணன் ஊரார் எல்லாம் நிற்கும்போது, "என்ரை முறையையும் தம்பியே எடுக்கட்டும்" என்று உரத்துச் சொல்கிறான். தம்பியின் வெங்காயம் பிழைக்கிறது. அண்ணனின் மிளகாய் வாடுகிறது. மனைவி கேட்கும்போது "அது நோய்" என்று பொய் சொல்கிறான். கடைசியில் அவள் தம்பியின் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறாள். கதை அவ்வளவுதான். "அண்ணன் ஒரு தியாகி: இக்கூற்றை ஆராய்க." இதுதான் கேள்வி.

பதினைந்து புள்ளி. பழைய முறையில் கதைச் சுருக்கத்துக்கும் மேற்கோளுக்கும் பத்து, மொழிக்கு ஐந்து. புது வரைவில் வாதத்துக்கு ஆறு, சான்றுக்கு நான்கு, ஒழுங்குக்கு மூன்று, மொழிக்கு இரண்டு. வரைவு சரிவருமோ என்று பார்க்க, பள்ளிக்கூடங்களில் பயிற்சிக்கு எழுதுவித்த தாள்களில் பெயரில்லாத ஒன்றை எல்லோரும் தனித்தனியே திருத்தினார்கள். ஞானாம்பிகை பதின்மூன்று போட்டார். குருநகர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த இளம் ஆசிரியர் ஜெரிசன் ஆறு போட்டார்.

"ஆறோ? இந்தத் தமிழுக்கோ?" ஞானாம்பிகைக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. "ஒரு எழுத்துப்பிழை காட்டும் பாப்பம்!"

"பிழை ஒண்டுமில்லை ரீச்சர். ஒரு வேலை செய்யுங்கோ. கேள்வியை மறந்துபோட்டு இந்தத் தாளை வாசியுங்கோ. என்ன கேள்விக்கு இந்தப் பிள்ளை பதில் எழுதியிருக்கு எண்டு சொல்லுங்கோ."

ஞானாம்பிகை வாசித்தார். கதைச் சுருக்கம் இருந்தது. கிராமிய மணம் இருந்தது. உவமைச் சிறப்பு இருந்தது. அண்ணன் தியாகத்தின் திருவுருவம் என்றால் அது மிகையாகாது என்றும் இருந்தது. அண்ணனைப் பற்றிக் கேட்டாலும், தம்பியைப் பற்றிக் கேட்டாலும், வெறும் கிணற்றைப் பற்றிக் கேட்டாலும் இதே கட்டுரை வந்து நிற்கும். ஆராய்க என்றால் ஆராயவேண்டுமே. அது மட்டும் எங்கும் இல்லை.

அந்த வரிகள் அவருடையவை. கையெழுத்து அவருடைய வகுப்பில் முதலாவதாக வரும் கோபிகாவினுடையது.

"அப்ப நான் இவ்வளவு காலமும் பிள்ளையளுக்கு நஞ்சே குடுத்தனான்?" என்றார். "இதிலை நான் கையெழுத்து வைச்சால், என்ரை பிள்ளைக்கு என்ரை கையாலையே ஆறு போட்ட மாதிரியெல்லோ!"

ஜெயதீபன் தேநீருக்கு விட்டார்.

ஞானாம்பிகை பிளேன்ரீயைக் கையில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் போய் நின்றார். குறிப்பு எங்கிருந்து வந்தது என்று இந்தப் பொடியனுக்கு என்ன தெரியும்? பொருளாதாரத் தடைக் காலத்தில் அவர் படித்த வகுப்பில் "பங்குக்கிணறு" இருந்த புத்தகம் ஒன்றே ஒன்றுதான். எழுதத் தாளும் இல்லை. தம்பிஐயா மாஸ்டர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் பழைய அரசாங்கக் கந்தோர்த் தாள்களின் வெறும் பக்கத்தில் குறிப்பை எழுதினார்கள். தொண்ணூற்றைந்தில் போர் நெருங்கி ஊரே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது அந்தத் தாள்களும் போயின. ஞானாம்பிகையின் தலைக்குள் இருந்தது மட்டும் போகவில்லை. மழைக்குள் நடந்து நடந்து, "தியாகத்தின் திருவுருவம் என்றால் அது மிகையாகாது" என்று முணுமுணுத்துக்கொண்டு போன பிள்ளை அவர். வீடு போய்விட்டது, இது இருக்கிறது என்று அன்றைக்கு எவ்வளவு தைரியமாக இருந்தது! அதை எப்படி ஒருவர் ஆறு புள்ளி என்று சொல்லலாம்?

ஆனால் நினைவு என்பது நாம் சொல்கிற இடத்தில் நிற்காதே. அது தென்மராட்சித் தென்னந்தோப்புக்குள் போய், சிநேகிதி சுபாஜினிக்குப் பக்கத்தில் குந்தியது.

ஒரு மத்தியானம். புத்தகம் இல்லை, கொப்பி இல்லை, வகுப்பும் இல்லை. சுபாஜினி தேங்காய்ச் சொட்டைக் கடித்துக்கொண்டு, "எனக்கெண்டால் அந்த அண்ணனைப் பிடிக்கேல்லையடி. ஊரைக் கூட்டிவைச்சுக் குடுக்கிறது குடுக்கிறதோ? தம்பி வேண்டாமெண்டு சொல்ல ஏலுமே?" என்றாள். ஞானாம்பிகைக்கு வந்ததே கோபம்! "அப்ப மிளகாய் வாடின காரணத்தைப் பெண்சாதிக்கும் ஏன் மறைச்சவன்? பேருக்குக் குடுத்தவன் அதையெல்லோ முதலிலை சொல்லித் திரிவான்!" சுபாஜினிக்குப் பதில் வரவில்லை. ஆனாலும் விட்டாளா? பொழுது சாயும்வரை சண்டை. பசிகூடத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அப்படி ஒரு மத்தியானம் ஞானாம்பிகைக்கு வாய்த்ததில்லை.

பிந்தி வந்த சோதினையில் இருவரும் குறிப்பைத்தான் எழுதினார்கள். சண்டையை எழுதப் புள்ளி இல்லையே. அந்தக் காலத்தின் ஆக உயர்ந்த தரமான "டி" இருவருக்கும் வந்தது. சுபாஜினி இப்போது கனடாவில் இருக்கிறாள். அந்த மத்தியானத்துக்கு மட்டும் ஒருவரும் ஒரு புள்ளியும் போடவில்லை.

ஞானாம்பிகை ஆறிப்போன தேநீரைக் கொட்டிவிட்டு உள்ளே வந்தார்.

"மனப்பாடம் குற்றமெண்டு ஒரு சொல் இதிலை வரக்கூடாது," என்றார். "கதையின்ரை வரியைப் பிள்ளை நெஞ்சிலை வைச்சிருந்தால் அது சொத்து. ஆனால் அந்த வரி வந்து வேலை செய்யவேணும். சும்மா கொண்டுவந்து ஒட்டினால் சான்றுக்கு ஒண்டு. தன்ரை கருத்தை வரி எப்பிடித் தாங்குது எண்டு விளக்கினால் ரெண்டு, மூண்டு. தனக்கு எதிராய் நிக்கிற வரியையும் ஒளிக்காமல் எடுத்து அதுக்கு முகங் குடுத்தால்தான் நாலு."

ஜெரிசன் எழுதத் தொடங்கிவிட்டார். "அப்ப வாதத்திலை 'மாற்றுக் கருத்து இருந்தால் ரெண்டு புள்ளி' எண்டு போடுவமோ?"

"விசர்க்கதை கதையாதையும். உப்பிடிப் போட்டால் நாளைக்கே ரியூசனிலை 'இதற்கு மாற்றுக் கருத்தும் உண்டு, எனினும் அது ஏற்கத்தக்கதன்று' எண்டு பாடமாக்கிப் போடுவினம். எனக்குத் தெரியாதே, நானே அப்பிடித்தான் குடுத்திருப்பன்!"

எல்லோரும் சிரித்தார்கள். மாற்றுக் கருத்து இருக்கிறதா என்றல்ல, அதற்குக் கதையிலிருந்து பதில் சொல்லப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது என்றானது. ஜெரிசனின் கேள்வியும் திட்டத்துக்குள் போனது: எந்தக் கேள்விக்கும் பொருந்துகிற கட்டுரை, மொழி எவ்வளவு அழகாக இருந்தாலும், வாதத்தில் இரண்டைத் தாண்டாது. ஒவ்வொரு புள்ளி மட்டத்துக்கும் ஒவ்வொரு மாதிரி விடைத்தாளை இணைத்தார்கள். திருத்துகிறவர்கள் முதலில் அவற்றைத் திருத்திக் கை ஒத்துவந்த பிறகுதான் மற்றத் தாள்களைத் தொடவேண்டும். வாதத்தில் இரண்டு என்பதற்கு மாதிரியாகக் கோபிகாவின் தாளை ஞானாம்பிகையே எடுத்து வைத்தார். கையெழுத்தும் வைத்தார்.

வகுப்பில் நடந்த கூத்தைக் கேட்கவேண்டுமே. "பங்குக்கிணறுக்குக் குறிப்பு இல்லை" என்றதும் பிள்ளைகள் சாவீடுபோல இருந்தார்கள். கோபிகா அழுதேவிட்டாள்.

"ரீச்சர், ஏன் எங்கடை முறை வரேக்கை மட்டும் இப்பிடிச் செய்யிறியள்? எனக்கு ஏ வராட்டி அம்மாவுக்கு நான் என்ன சொல்லுறது?"

"கதையைத் திருப்பி வாசி பிள்ளை. உனக்கு அண்ணனைப் பிடிச்சிருக்கோ?"

"பிடிக்கவேணுமோ ரீச்சர்?"

அந்தக் கேள்வி ஞானாம்பிகையைச் சுட்டது. சுபாஜினி சொன்னது நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அதுவும் குறிப்பாகிவிடும் என்று கடித்து விழுங்கினார். "அதை நீதான் சொல்லவேணும்," என்று மட்டும் சொன்னார்.

தவணைப் பரீட்சை முடிந்தது. ஒரு பள்ளிக்கூடத் தாளை அதே பள்ளிக்கூடத்து ஆசிரியர் திருத்தக்கூடாது. உரும்பிராய்த் தாள்கள் ஜெரிசனிடம் போயின. கட்டுரைகளை இருவர் திருத்தினார்கள். புள்ளி மூன்றுக்கு மேல் வித்தியாசப்பட்டால் குழுவுக்கு வரும். அப்படி ஒரு தாள் வந்தது. முதலாமவர் எட்டு, ஜெரிசன் பன்னிரண்டு. ஜெரிசன் எழும்பி நின்று வாசித்தார்.

"'அண்ணன் ஒரு தியாகி என்றால் அது மிகையே.'"

ஞானாம்பிகை கையிலிருந்த சிவப்புப் பேனையைக் கீழே வைத்தார்.

"'அவன் ஊரார் முன்னிலையில் கொடுத்தான். தம்பியால் மறுக்க முடியவில்லை. ஆனால் மிளகாய் ஏன் வாடியது என்பதை மனைவிக்கும் மறைத்தானே, பேருக்குக் கொடுத்தவன் ஏன் மறைக்கவேண்டும் என்று கேட்கலாம். கொடுத்தது எல்லோருக்கும் தெரியவேண்டும், இழந்தது ஒருவருக்கும் தெரியக்கூடாது என்று அவன் நினைத்தான். இது தியாகம் அல்ல, வீறாப்பு.'"

"பிழை!" ஞானாம்பிகை எழும்பிவிட்டார். "வீறாப்பே? அறிஞ்சால் பெண்சாதி தம்பியைத் திட்டுவாள் எண்டெல்லோ மறைச்சவன்! கடைசிப் பந்தியிலை அவள் தம்பியின்ரை பிள்ளையளுக்குச் சோறு போடுறாள், பாக்கேல்லையோ? அறிஞ்சிருந்தால் போட்டிருப்பாளே?"

ஜெரிசன் தாளைக் கீழே வைத்தார். "ரீச்சர், நீங்கள் இந்தக் கட்டுரையோடை சண்டை பிடிக்கிறியள். குறிப்போடை ஒருநாளாவது சண்டை பிடிச்சிருப்பியளே?"

ஞானாம்பிகை குனிந்து தாளைப் பார்த்தார். கோபிகாவின் கையெழுத்து. பிறகு, "அது என்ரை பிள்ளை. புள்ளியை நீங்கள் கதையுங்கோ," என்று வெளியே போய்விட்டார்.

வாதத்துக்கு ஐந்து. சான்றுக்கு முழு நான்கு. முடிவுரையை அவசரத்தில் முறித்ததற்கு ஒழுங்கில் ஒன்று போய் இரண்டு. எழுத்துப்பிழைக்கு மொழியில் ஒன்று போய் ஒன்று. பன்னிரண்டு. யன்னலூடாக ஜெயதீபன் சொன்னது அவருக்குக் கேட்டது.

வேப்பமரத்தடியில் நின்று கைத்தொலைபேசியை எடுத்தார். கண் மறைத்தது. துடைக்கவில்லை. கனடாவுக்குக் குரல்பதிவு போட்டார்.

"சுபா, தென்னந்தோப்புக்குள்ளை நான் கேட்ட கேள்விக்கு நீ பதில் சொல்லாமல் விட்டனியெல்லோ? இண்டைக்கு என்ரை வகுப்புப் பெட்டை ஒருத்தி சொல்லிப்போட்டாளடி. பதினைஞ்சுக்குப் பன்னிரண்டு!"

அங்கே விடிந்துகொண்டிருக்கும். பதில் வராது என்று நினைத்து உள்ளே திரும்பும்போது தொலைபேசி கிணுங்கியது. நித்திரைக் குரல், அதே சண்டைக்காரக் குரல்:

"மிச்சம் மூண்டும் எங்கையடி?"