மூச்சக்கா திரும்பி வந்த தேதி

எங்கள் எக்ஸ்ரே பிரிவில் அவருக்கு மூச்சக்கா என்று பெயர். "மூச்ச இழுங்க, பிடிங்க, அசையாதீங்க, இப்ப விடுங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி வந்த பெயர். வீட்டில் பிள்ளைகள் சண்டை போட்டாலும் இதையே சொல்லித்தான் அடக்குவாராம். நான் அந்தப் பிரிவின் தலைமை டெக்னீசியன். ஷிப்ட் அட்டவணை போடுகிறவன், அதனால் எல்லோரிடமும் திட்டு வாங்குகிறவன். இன்றைக்கு என் மனைவி கைத்தடி இல்லாமல் நடக்கிறாள் என்றால் அதில் மூச்சக்காவுக்கு ஒரு பங்கு உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நான் நன்றி கெட்டவன்.

மூச்சக்கா ஒரு துப்பறியும் நாவல் எழுதிக்கொண்டிருந்தார். ஒளித்து மறைத்து அல்ல. டீ இடைவேளையில் எங்கள் முன்னாலேயே எழுதுவார். கதையில் ஒரு மருந்துக்கடைக்காரர் செத்துப்போகிறார், கொன்றது யார் என்று தெரியாது. நாங்கள் ஆளுக்கொருவர் மேல் சந்தேகப்பட்டோம். வார்டு பாய் கடைசி வரைக்கும் செத்தவரின் மைத்துனன்தான் என்று சாதித்தார். அவருக்குச் சொந்த மைத்துனனோடு ஏதோ வழக்கு.

ஒருநாள் மூச்சக்கா என் மேஜை முன் வந்து நின்றார்.

"சார், பதிப்பகத்துல சரின்னு சொல்லிட்டாங்க. ஆனா முழுசா முடிச்சுக் குடுக்கணும். பாதிக் கதைய இப்பிடித் துண்டு துண்டா எழுதிட்டேன், மீதி வர மாட்டேங்குது. கொலைகாரன கையும் களவுமா பிடிக்கப் போற நேரம் பாத்து யாராவது கால உடைச்சுக்கிட்டு வந்துடுறாங்க."

"லீவு மிச்சம் இருக்கா?"

"பிள்ளைங்க காய்ச்சல்லயே எல்லாம் போச்சு. சம்பளமில்லா விடுப்பு கேக்கலாம்னு இருக்கேன். வீட்டுக்காரர்கிட்டயும் பேசிட்டேன். மூணு மாசம் இழுத்துப் பிடிச்சு ஓட்டிடலாம்னு சொன்னார்."

நான் உடனே தலையாட்டவில்லை. காரணம் உண்டு. சில வருஷங்களுக்கு முன் ஒருவர் மேல்படிப்பு என்று சம்பளமில்லா விடுப்பில் போனார். வருகிறேன், வருகிறேன் என்றார், வரவே இல்லை. அவர் இடத்தில் வேறு ஆளும் எடுக்க முடியாமல், அவரையும் காணாமல், நாங்கள் இரண்டு பங்கு வேலை பார்த்தோம். அன்றிலிருந்து நிர்வாக அதிகாரி மேடம் அந்த விடுப்பு என்றாலே விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். சூடு கண்ட பூனை.

விண்ணப்பத்தை வாங்கிப் படித்தேன். "சுமார் மூன்று மாதங்கள், நாவல் முடியும் வரை" என்று இருந்தது.

"ஏம்மா, டாக்டர் சீட்டுல 'சுமாரா இடது கை'ன்னு எழுதியிருந்தா நீ படம் எடுப்பியா?"

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். உட்கார்ந்து திருத்தினோம். எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை, எந்த நாள் வேலைக்குத் திரும்புவது, அவருடைய ஷிப்டுகளை யார் யார் பார்ப்பது. விடுப்புக் காலத்தில் வேறெங்கும் வேலை செய்வதில்லை, காப்பீட்டில் தன் பங்கைத் தானே கட்டிவிடுவது, ஊதிய உயர்வு அத்தனை நாள் தள்ளிப்போனால் சம்மதம் என்பதையெல்லாம் எழுதினார்.

தேதியில் மறுபடியும் ஒரு சிக்கல். எங்கள் வேலையில் சட்டையில் ஒரு பேட்ஜ் குத்திக்கொள்ள வேண்டும். உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று அது காட்டும். காலாண்டுக்கு ஒரு முறை எல்லா பேட்ஜும் சோதனைக்கூடத்துக்குப் போய், அவரவர் பெயரில் புதிது வரும். அது இல்லாமல் எக்ஸ்ரே அறையில் வேலை செய்யக்கூடாது. மூச்சக்கா தன் பரபரப்பில் காலாண்டுக்கு நடுவில் திரும்பி வருவதாக எழுதியிருந்தார். வந்தாலும் பேட்ஜ் இல்லாமல் வரவேற்பில்தான் உட்கார வேண்டும். இருபது வருஷ சர்வீஸ், இதைக்கூட மறந்துவிட்டார். புதுக் காலாண்டு தொடங்கும் முதல் நாளுக்கு மாற்றினோம்.

மேடம் எங்கள் இருவரையும் அழைத்தார். விண்ணப்பத்தை இரண்டு முறை படித்தார்.

"புத்தகம் அதுக்குள்ள முடியலேன்னா?"

"முடியலேன்னாலும் வந்துடுவேன் மேடம். தேதி எனக்கு. கதைக்கு இல்ல."

மேடம் என்னைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

"திரும்பி வர்ற நாளுக்கான பேட்ஜுக்கு அவங்க பேரையும் சேத்து இப்பவே எழுதி அனுப்பிடுறேன் மேடம்" என்றேன். வாய் சொல்லிவிட்டது, உள்ளே மனசு அடித்துக்கொண்டது.

கையெழுத்துப் போட்டுவிட்டு, கொலைகாரன் யார் என்று மேடமும் கேட்டார். மூச்சக்கா சிரித்து மழுப்பிவிட்டார்.

கடைசி நாள் பேட்ஜைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த மூன்று மாதம் நாங்கள் நாய் படாத பாடு பட்டோம். ஆனாலும் யாரும் முணுமுணுக்கவில்லை, கொஞ்சம்தான் முணுமுணுத்தோம். புதுப் பேட்ஜுகள் வந்தபோது அவருடையது பலகையில் தனியாகத் தொங்கியது. போகிற வருகிற எல்லோரும் அதை ஒரு பார்வை பார்த்தோம். எனக்குத் தூக்கம் சரியாக இல்லை.

தேதிக்கு இரண்டு நாள் முன்பு அவரே போன் செய்தார். "சார், கடைசி ரெண்டு அத்தியாயம் இன்னும் நிக்குது."

அவ்வளவுதான், குடி முழுகிப்போயிற்று என்று நினைத்தேன். ஓடிப்போய் மேடத்திடம் சொன்னேன். அவரோ அதிசயமாக, "இவ்வளவு நாள் சமாளிச்சுட்டீங்க. வேணும்னா ஒரு மாசம் நீட்டிச்சுக் கேக்கச் சொல்லுங்க, பாக்கலாம்" என்றார். நான் மூச்சக்காவுக்குச் சொன்னேன்.

"வேண்டாம் சார். மேடம் பெரிய மனசு பண்ணிச் சொன்னதே போதும். நான் தள்ளிக்கிட்டே போனா, நாளைக்கு யாராவது நெஜமான அவசரத்துல வந்து நிப்பாங்க. அவங்களுக்குக் கதவ அடைச்சுட்டுப் போன பாவம் எனக்கு வேணாம்."

சொன்ன நாள் காலையில் வந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம், கையில் தூக்குப் பை. பலகையிலிருந்து பேட்ஜை எடுத்துக் குத்திக்கொண்டு முதல் நோயாளியிடம் "மூச்ச இழுங்க" என்றார். பக்கத்து அறையில் நின்றிருந்த எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன். அவருக்குக் கொஞ்ச நாள் காலை ஷிப்டு மட்டும் போட்டேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மதியங்களில் எழுதி அந்த இரண்டு அத்தியாயத்தையும் முடித்தார். புத்தகம் வந்தது. மைத்துனன் இல்லை. வார்டு பாய் இன்னும் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

அடுத்த வருஷம் என் மனைவிக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவளுக்கு எழுந்து நிற்கவும் ஆள் வேண்டும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சேர்த்து வைத்த லீவெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே கரைந்திருந்தது. இத்தனை வருஷத்தில் முதல்முறையாகச் சம்பளமில்லா விடுப்புக்கு எழுதிக்கொண்டு மேடத்தின் முன் போய் நின்றேன்.

மேடம் ஒரே இடத்தில்தான் விரல் வைத்தார், திரும்பும் தேதியில். பிறகு கையெழுத்துப் போட்டார். "அந்தம்மா சொன்ன நாள்ல வந்தாங்க. நீங்களும் வந்துடுவீங்க. போய் வீட்டம்மாவப் பாருங்க."

வெளியே வந்தேன். அட்டவணையை மூச்சக்காவிடம் ஒப்படைத்தேன். ஏதாவது நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பேச விடவில்லை. கையை நீட்டினார்.

"பேட்ஜக் கழட்டிக் குடுங்க சார். வர்ற நாளுக்கு உங்க பேர எழுதி அனுப்பிட்டேன்."