தவமணி அக்காவும் என் பத்தாயிரம் கிலோமீட்டரும்

தவமணி அக்காவிடம் பொய் சொல்லிப் பிரயோஜனமில்லை. நாம் வாயைத் திறக்கும் முன்னாலேயே எழுந்து போய், காடியின் (காரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் எண்ணெய் மாற்றிய ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு வந்துதான் உட்காருவார். போன தடவை எத்தனை கிலோமீட்டரில் எண்ணெய் மாற்றினோம் என்று அதில் இருக்கும். "வாய் என்ன வேணும்னாலும் சொல்லும் தம்பி. ஸ்டிக்கர் பொய் சொல்லாது" என்பார்.

அவருக்கு ஐம்பத்தேழு வயது. அப்பா ரயில்வே கிளார்க். யாழ்ப்பாணத்து வழி வந்த வீடு, ஆனால் பேச்செல்லாம் நம்ம பினாங்குப் பேச்சுதான். ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் கவுண்டரில் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்திருந்தார். எல்லாம் ஆன்லைன் ஆனதும் கிளையை மூடி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் ஏஜெண்டாகி, ஜெலுத்தோங்கில் மெக்கானிக் சாதிக்குடைய வொர்க்‌ஷாப் வாசலில் ஒரு மேசை போட்டுக்கொண்டார். எண்ணெய் மாற்ற வருகிறவன் அப்படியே இன்சூரன்சும் ரோட் டாக்ஸும் புதுப்பித்துக்கொண்டு போவான். இத்தனை பேர் காடிக்குப் பாலிசி போடுகிறாரே, அவருக்குச் சொந்தமாகக் காடி கிடையாது. பஸ்ஸில்தான் வருவார்.

நான் வாசு. வீடு தீவில், ஃபார்லிமில்; வேலை கடலுக்கு அந்தப் பக்கம் பிறையில் ஒரு பேக்டரியில், லைன் சூப்பர்வைசர். எனக்குக் கொஞ்சம் முன்கோபம். கொஞ்சமில்லை, நிறையவே என்று என் மனைவி ரூபினி சொல்வாள்.

போன பிப்ரவரியில் என்னோடு வேலை செய்கிற ஹரீஷும் நானும் ஒன்றாக அந்த மேசைக்குப் போனோம். எவ்வளவு ஓட்டுகிறோமோ அவ்வளவுக்குக் காசு என்று ஒரு பாலிசி வந்திருந்தது. வருஷத்துக்கு ஐயாயிரம், பத்தாயிரம், பதினைந்தாயிரம் கிலோமீட்டர் என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மீட்டரைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். தூரம் குறைய குறைய பிரீமியமும் குறையும்.

ஹரீஷுக்கு அக்கா உடனே போட்டுக்கொடுத்துவிட்டார். அவன் மோட்டார் சைக்கிளில் ஃபெரி ஏறி வேலைக்கு வருகிறவன். புதுக் காடி, வாங்கி ஒரு வருஷம்தான் ஆகிறது, வாரம் பூராவும் ஃப்ளாட்டுக்குக் கீழே தூங்கும். ஞாயிற்றுக்கிழமை கோயில், பசார், அவ்வளவுதான். அவனுக்கு முந்நூறு வெள்ளிக்கு மேல் மிச்சம்.

"எனக்கும் பத்தாயிரம் போடுங்கக்கா" என்றேன்.

அக்கா எழுந்து போய் என் மைவி காடியின் ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு வந்தார். "வேணாம் தம்பி. நீங்க வழக்கமான பாலிசியிலேயே இருங்க."

"ஏன்? நான் எங்க ஓட்டறேன்க்கா? போன வருஷம் கேஎல்லுக்கு ரெண்டே தடவைதான் போனேன்!"

"வேலைக்கு எதுல போறீங்க?"

"காடியிலதான். அது வேலைக்குப் போறதுலா. அதெல்லாம் ஓட்டற கணக்கா?"

இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு அப்படித்தான் தோன்றியது. காடி ஓட்டுவது என்றால் கேஎல் என்கிற கோலாலம்பூர், கேமரன் மலை. பாலத்தைக் கடந்து பேக்டரிக்குப் போய்த் திரும்புவதை யார் கணக்கு வைப்பார்கள்?

"மீட்டர் கணக்கு வைக்குமே தம்பி. ஒரு நாளைக்குப் போக வர ஐம்பது, வாரம் ஆறு நாள். வேலைக்கே பதினாலாயிரம் தாண்டுது. அதோட உங்களுக்கு அஞ்சு வருஷம் க்ளெய்மே இல்ல, ஐம்பத்தஞ்சு விழுக்காடு தள்ளுபடி ஏற்கனவே இருக்கு. காடியும் பழசு. மிஞ்சிக் கிடக்கிற பிரீமியத்துல இன்னும் எவ்வளவு குறையும்? தொண்ணூறு வெள்ளி. பத்தாயிரம் தாண்டின பிறகு, கூடக் காசு கட்டி டாப்-அப் பண்ணாம மோதிட்டீங்கன்னா, உங்க காடி ரிப்பேர்ல முதல் ஆயிரத்து ஐந்நூறு உங்க பாக்கெட்டுல இருந்து."

நான் விடவில்லை. "அப்ப இன்னொன்னு இருக்கே, போன்ல ஆப் போட்டு எப்படி ஓட்டறோம்னு மார்க் போடறது? அதைப் போடுங்க. நான் நல்லாத்தான் ஓட்டறேன்."

"அது தூரத்தை மட்டும் பாக்காது. திடீர்னு பிரேக் அடிக்கிறது, வேகம், ஓட்டும்போது போனைத் தொடுறது, ராத்திரி எவ்வளவு ஓட்டறீங்க, எல்லாம் பாக்கும். நீங்க நைட் ஷிஃப்ட். காலையில பாலத்து ஜாம்ல எத்தனை தடவை பிரேக்கை மிதிக்கிறீங்கன்னு உங்களுக்கே தெரியும். மார்க் வராது தம்பி."

ஹரீஷ் பக்கத்தில் நின்று சிரித்தான். எனக்குச் சுருக்கென்றது. எவனுக்கோ முந்நூறு, எனக்கு மட்டும் உபதேசமா? கமிஷன் குறையுமென்றுதான் இந்தம்மா தடுக்கிறது என்று நினைத்தேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்து, வேறொரு கம்பெனியில் ஆன்லைனிலேயே பத்தாயிரம் கிலோமீட்டர் பாலிசி வாங்கினேன். மீட்டர் 86,410. வாங்கியதோடு விட்டேனா? ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். "நீங்க வேணாம்னதை நானே வாங்கிட்டேன்."

உடனே பதில் வந்தது. "சரி தம்பி. மீட்டர் 96,410 வர்றதுக்கு முன்னாடி டாப்-அப் பண்ணிடுங்க. அறுபது வெள்ளிதான்."

விடமாட்டாங்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாட்ஸப்பிலும் போனிலும் அவர் நம்பரை ப்ளாக் செய்தேன். சாதிக்கிடம் எண்ணெய் மாற்றவும் அக்கா வராத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போனேன்.

அக்டோபரில் ஒரு காலை. நைட் ஷிஃப்ட் முடிந்து, பாலத்தில் தூக்கக் கலக்கம். முன்னால் லாரி நின்றது, நான் நிற்கவில்லை. கடவுள் புண்ணியத்தில் யாருக்கும் அடியில்லை. காடியின் மூக்கு மட்டும் உள்ளே போய்விட்டது. மீட்டர் 97,102. டாப்-அப்பா? எனக்கு அந்த நினைப்பே இல்லை.

லாரிக்காரன் பக்கத்துச் செலவைக் கம்பெனி பார்த்துக்கொண்டது. அதற்குத் தூரக் கணக்குக் கிடையாது. ஐம்பத்தைந்து விழுக்காடு தள்ளுபடியும் போச்சு. என் தப்பு, க்ளெய்ம் பண்ணினால் எந்தப் பாலிசியிலும் அது போகும். ஆனால் என் காடி ரிப்பேரில் ஆயிரத்து ஐந்நூறு என் தலையில் விழுந்தது. ரூபினி அந்தக் காசை மகளின் டியூஷனுக்கு எடுத்து வைத்திருந்தாள். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

காடியை சாதிக்கிடம்தான் இழுத்துக்கொண்டு போனார்கள். வேறு வழியில்லாமல் அக்காவின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். நல்லா வேணும் என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், வாங்கிக்கொள்வோம் என்று தயாராகத்தான் போனேன்.

அவர் ஸ்டூலைத் தள்ளிப் போட்டார். "அடி ஒன்னும் இல்லையே? உக்காருங்க."

"ஒரு வார்த்தை மறுபடி சொல்லியிருக்கலாமேக்கா" என்றேன். என் முன்கோபத்தைப் பாருங்கள், அப்போதும் பழியை அவர் மேலேயே போட்டேன்.

அக்கா போனை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். என் பெயர். அதன் கீழே, ஜூனிலிருந்து அவர் வாட்ஸப்பில் அனுப்பிய செய்திகள். சாதிக்கின் சர்வீஸ் புத்தகத்தைப் பார்த்து எழுதியவை. "தம்பி, இப்ப 91,600. இன்னும் நாலாயிரத்துச் சொச்சம்தான்." "தம்பி, 94,900 ஆச்சு." "வாசு தம்பி, இந்த மாசம் தாண்டிடும், டாப்-அப் பண்ணிடுங்க." அவரிடம் பாலிசி வாங்காத எனக்கு, ஒரு காசு கமிஷன் இல்லாமல்.

ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், என்னிடம் வந்து சேராத ஒற்றை டிக் மட்டும் இருந்தது.

"ப்ளாக் பண்ணிட்டீங்கன்னு தெரியும்" என்றார். "என்னைக்காவது எடுத்துவிடுவீங்கன்னு அனுப்பிட்டே இருந்தேன்."