படத்தில் இரண்டு படி, வீட்டில் மூன்று

கோபம் வந்தால் நான் வாயைத் திறக்கமாட்டேன், எழுத உட்கார்ந்துவிடுவேன். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியும். எங்கள் இளம் டிசைனருக்கு நான் எழுதிய குறிப்பும் அப்படிக் கோபத்தில் பிறந்ததுதான். மலேசியாவில் தம்பின் ஊரில் ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். அலுவலகம் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. நான், அந்த டிசைனர் பெண், இரண்டு மேசை, கீழேயிருந்து வரும் சத்தம், அவ்வளவுதான். வீடுகளுக்கு அடுக்களை அலமாரி, குளியலறை, முன்வாசல் என்று சின்னச் சின்ன வேலைகள் எடுத்துச் செய்கிறோம்.

பகாவ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் அந்த வீடு. வீட்டுக்காரர் வாழ்நாள் முழுக்கச் செம்பனைப் பழம் ஏற்றும் லோரி ஓட்டியவர். சர்க்கரை நோயில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சக்கர நாற்காலி வந்தது. வாசலில் மூன்று படி. அவர் கோயிலுக்குப் போகவேண்டும் என்றாலும் மனைவி போய்ப் பக்கத்து வீட்டு ஆளைக் கூட்டி வரவேண்டும், இரண்டு பேரும் நாற்காலியோடு அவரைத் தூக்கி இறக்கவேண்டும். சிரம்பானில் வேலை பார்க்கும் மகள்தான் சறுக்குப்பாதை கட்டவேண்டும் என்று எங்களைக் கூப்பிட்டாள்.

முதல் நாள் நான் போனபோது என்ன வேண்டும் என்று அவரிடமே கேட்டேன். எப்படிப்பட்ட கைப்பிடி, என்ன ஓடு என்று சொல்வார் என நினைத்திருந்தேன்.

"எனக்கு வேற ஒன்னும் வேணாம்மா. யார்கிட்டயும் சொல்லாம வெளிய போகணும், சொல்லாம உள்ள வரணும். அவ்ளோதான் லா."

மனைவி பின்னாலிருந்து, "சொல்லாம எங்க போகப் போறாராம், கேளுங்க," என்றார்.

அளவெடுக்க அந்தப் பெண்ணை அனுப்பினேன். அன்றைக்குப் பார்த்து நல்ல மழை. அவள் காரில் உட்கார்ந்தபடியே வீட்டின் முகப்பை ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டாள். அந்தப் படத்தைக் கணினியில் உள்ள ஏஐயிடம் கொடுத்து, சறுக்குப்பாதையோடு வரைந்து தா, அளவும் போடு என்று கேட்டிருக்கிறாள். கணினியும் கேட்டதைக் கொடுத்துவிட்டது.

சும்மா சொல்லக்கூடாது, அந்த ரெண்டரை, கட்டி முடித்ததுபோலவே தெரியும் படத்தை, பார்த்து நானே வாய் பிளந்தேன். மாலை வெயில், பளபளவென்று கைப்பிடி, இரண்டு பக்கமும் பூந்தொட்டி, ஓரத்தில் அம்புக்குறி போட்டுக் கச்சிதமாக எண்கள். அன்றைக்கு எனக்கு வேறு மூன்று வேலை தலைக்கு மேல் இருந்தது. "நல்லா இருக்கு, அனுப்பு," என்றேன். மகளுக்குப் போனது, கட்டுகிற குத்தகைக்காரருக்கும் போனது. பெரியவர் அதைத் தன் போனில் முகப்புப் படமாகவே வைத்துக்கொண்டாராம்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை தரை ஓடுகளின் மாதிரி காட்டப் போனேன். குத்தகைக்காரர் சறுக்குப்பாதைக்குப் பலகை அடித்து முடித்திருந்தார். திங்கட்கிழமை காங்கிரீட் ஊற்றுவதாக ஏற்பாடு. பெரியவர் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து மேலிருந்து அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் நன்றாக இல்லை.

"நாப்பது வருசம் லோரி ஓட்டியிருக்கேன்மா. இந்த ஏத்தத்துக்கு லோரியே சின்ன கியர் போட்டாத்தான் ஏறும். நான் கையால எப்படி ஏறுறது?"

குத்தகைக்காரர் தலையைச் சொறிந்தார். "அக்கா, படத்துல நம்பர் போட்டிருந்திச்சு. அதப் பார்த்துதான் அடிச்சேன். கீழ இறங்குன உடனே மழைத்தண்ணி ஓடுற அந்த லோங்காங் வேற வந்துருது. படத்துல லோங்காங்கே இல்ல."

போனை வாங்கிப் படத்தையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தேன். வீட்டில் மூன்று படி, படத்தில் இரண்டு. வேலிக்கு உள்பக்கமாக ஓடும் லோங்காங்கைக் கணினி புல் போட்டு மூடியிருந்தது. அதன் எண்களையாவது கூட்டிப் பார்த்தேன். தொள்ளாயிரம், ஆயிரத்து அறுநூறு மில்லிமீட்டர் என்று இரண்டு துண்டு, மொத்தம் இரண்டாயிரத்து நானூறு என்று போட்டிருந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடக் கண்டுபிடித்திருக்கும்.

கைப்பையிலிருந்த டேப்பை எடுத்தேன். தரையிலிருந்து வாசல் தளம் நானூற்று ஐம்பத்தைந்து மில்லிமீட்டர். ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் இருந்தால்தான் நாற்காலிக்காரர் தானாக ஏற முடியும். அப்படியானால் ஐந்தரை மீட்டர் வேண்டும். வாசலிலிருந்து லோங்காங் வரை மூன்று மீட்டர்தான் இருந்தது. அதில் மேலே நாற்காலி திரும்பி நிற்கவும் இடம் விடவேண்டும். திங்கட்கிழமை ஊற்றியிருந்தால் அந்த மனிதருக்கு வாசலில் ஒரு சறுக்குமரம் கட்டிக் கொடுத்திருப்போம்.

பலகையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு வந்தேன். அலுவலகத்தில் அந்தப் பெண் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்து குறிப்பை எழுதினேன். முதல் வரியே சூடாக இருந்தது. அதை அவள் மேசையில் வைத்தேன். படித்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

"அளக்காம வந்தது என் தப்புதான், அக்கா. அத ஒத்துக்குறேன். ஆனா படத்தப் பார்த்துட்டு நீங்க ஏன் அளந்தியான்னு கேக்கல?"

அவள் கேட்டது நியாயம். தாளைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிட்டு வேறொன்று எழுதினேன். அது இப்போதும் எங்கள் சுவரில் இருக்கிறது.

"அளந்தாயா என்று கேட்காமல் அனுப்பச் சொன்னது நான். அது என் பங்கு. இனி உன் பங்கு. கணினி அந்த வீட்டுக்குப் போனதில்லை. நீ கொடுத்த ஒரு படத்தில் தெரிந்ததை வைத்துக்கொண்டு, மற்ற வீடுகளில் வழக்கமாக என்ன இருக்குமோ அதைப் போட்டு நிரப்புகிறது. படியைக் குறைக்கும், லோங்காங்கை மூடும், கேட்டால் எண்ணும் போடும். அந்த எண்ணும் பூந்தொட்டி மாதிரி வரைந்ததுதான், அளந்தது இல்லை. நம் வரைபடத்தில் ஒரு எண் இருந்தால், ஒரு ஆள் அங்கே நின்று டேப் பிடித்தார் என்று அர்த்தம். சந்தேகம் வந்தால் திரும்பப் போய் அதே இடத்தில் பிடித்துப் பார்க்கலாம். கட்டுகிறவர் அந்த எண்ணை நம்பித்தான் பலகை வெட்டுகிறார். ஓட்டின் நிறம் காட்ட, கைப்பிடி எப்படி இருக்கும் என்று வீட்டாருக்குக் காட்ட ரெண்டர் போடு, நன்றாகவே போடுகிறாய். ஆனால் அளவெடுத்து வரைந்த பிறகு போடு. அளவு இல்லாத படம் குத்தகைக்காரர் கைக்குப் போகக்கூடாது. நான் அனுப்பச் சொன்னாலும் அனுப்பாதே."

கடைசி வரியைப் படித்துவிட்டு அவள் சிரித்தாள். எனக்கும் கோபம் போய்விட்டது.

மறுநாள் காலை இரண்டு பேரும் போனோம். டேப், நோட்டு, தண்ணீர் நிரப்பிய, கண்ணாடிபோல் தெளிந்த நீள பிளாஸ்டிக் குழாய். குழாயின் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும், அதை வைத்துத் தரையின் ஏற்ற இறக்கத்தைக் கண்டுபிடித்துவிடலாம். நான் முன்வாசலிலேயே முட்டிக்கொண்டிருந்தேன். பாதையை மடக்கிப் பார்த்தேன், வளைத்துப் பார்த்தேன், எப்படி வரைந்தாலும் லோங்காங் மறித்தது.

"அக்கா, இங்க வாங்களேன்!" என்று வீட்டுக்குப் பின்னாலிருந்து அவள் கத்தினாள்.

அந்த வீடு மேட்டுச் சரிவில் இருக்கிறது. முன்பக்கம் பள்ளம், பின்பக்கம் மேடு. எல்லாருக்கும் கண்ணெதிரே தெரிந்ததுதான், ஆனால் யாரும் அளந்து பார்க்கவில்லை. அடுக்களைக் கதவிலிருந்து பின்வேலிப் பக்கம் ஐந்து மீட்டர் தள்ளிக் குழாயைப் பிடித்தால், தரைக்கும் அடுக்களைத் தளத்துக்கும் இருநூற்று அறுபத்தைந்துதான் வித்தியாசம். மூன்றே கால் மீட்டர் பாதை போதும். கதவுக்கு வெளியே ஒன்றரை மீட்டர் சமதளம் விட்டாலும் இடம் மிஞ்சியது. பின்வேலிக் கதவுக்கு அந்தப்பக்கம் தார்ச்சாலை. அவள் எல்லா அளவையும் இரண்டு தடவை எடுத்தாள். நாற்காலியையும் அளந்தாள். கதவு குறுகல், அவருடைய விரல் முட்டி நிலைச்சட்டத்தில் உரசும், கதவை அகலமாக்கவேண்டும் என்று அவளே சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது, ஆனால் உடனே சொல்லிவிடவில்லை. அவ்வளவு நல்லவள் இல்லை நான்.

பெரியவர்தான் முறுக்கிக்கொண்டார். "என் வீட்டுக்கு நான் அடுக்கள வழியா வரணுமா?"

"நான் முப்பது வருசமா அந்த வழியாத்தான் வர்றேன்," என்றார் மனைவி. "எனக்கு ஒன்னும் கொறஞ்சு போகல."

அதோடு பேச்சு முடிந்தது.

வரைபடம் தயாரானது, ஒவ்வொரு எண்ணும் கூட்டினால் சரியாக வந்தது. அதற்குப் பிறகு அவள் ஒரு ரெண்டர் போட்டாள். பூந்தொட்டி இல்லை, பின்வாசல் கொடிக்கயிறு இருந்தது. மூன்று வாரத்தில் வேலை முடிந்தது. காங்கிரீட் நன்றாக இறுகிய பிறகு ஒரு சனிக்கிழமை எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

நாங்கள் போனபோது அவர் ஏறி இறங்கிக் காட்டினார். மனைவி பழக்கத்தில் நாற்காலியைப் பிடிக்கப் போனார். "கைய எடு," என்றார் பெரியவர். அந்த அம்மா கையை எடுத்துக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர் மாதிரி சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெரியவர் மூச்சு வாங்காமல் மேலே வந்தார். எங்கள் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் கண்ணிலும் தூசி விழுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டதும் பெரியவர் கொஞ்சம் படுக்கிறேன் என்று உள்ளே போனார், நாங்கள் கூடத்தில் பேசிக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து மனைவி அவருக்கு மருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி ஓடி வந்தார்.

"ஆளக் காணோம்!"

அறையில் இல்லை, குளியலறையில் இல்லை. பின்கதவு திறந்திருந்தது, வேலிக் கதவும் திறந்திருந்தது. மூன்று பேரும் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் சாலையில் ஓடினோம். திருப்பத்தில் ஒரு மாமாக் கடை, இந்திய முஸ்லிம்கள் நடத்தும் டீக்கடை, இருக்கிறது. அங்கே மேசையில் பழைய லோரிக்காரர்கள் இரண்டு பேர். நடுவில் நாற்காலியில் அவர், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். கைகள் ஸ்டீயரிங் பிடிப்பது மாதிரி காற்றில் திரும்பின. முன்னால் நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர், ஒரு தே தாரிக். அதில் சர்க்கரை இருந்ததா இல்லையா என்பது கடவுளுக்கும் கடைக்காரருக்கும்தான் தெரியும்.

நான் கூப்பிட வாயெடுத்தேன். மனைவி என் கையைப் பிடித்து இழுத்து, செம்பனை மரத்துக்குப் பின்னால் நிறுத்தினார். அவருக்கு இன்னும் மூச்சு வாங்கியது, ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு.

"வாங்க, போயிருவோம். நாம வந்தது அவருக்குத் தெரிய வேணாம்."