ராணியின் கை

கங்காதரனுக்கு ராணி வேஷம் தவிர வேறு தொழில் தெரியாது. அரும்பு மீசைக்கு முன்பே நாடகக் கம்பெனிக்கு வந்தவன். வயது ஏறியும் குரல் உடையவில்லை. கைமுடிதான் கரடிக்குப் போட்டியாக வளர்ந்து தொலைத்தது.

கம்பெனி குமணன்சாவடியில் கொட்டகை போட்டிருந்தபோது ராஜபார்ட் தங்கவேல் எல்லோர் எதிரிலும் கத்தினான்.

“இன்னாடா இது? ராணி கையப் புடிச்சா சப்பாத்திக்கள்ளியப் புடிச்சாப்ல கீது!”

பாவம், கங்காதரனும் என்னதான் செய்வான்? கத்தரியால் ஒட்ட நறுக்கினால் குத்தாது, ஆனால் காஸ் விளக்கில் கருகருவென்று தெரியும். சவரம் செய்தால் அன்றைக்கு மழமழ, மறுநாளே முள். நாவிதர் தசரதன் தேன்மெழுகும் குங்கிலியமும் உருக்கித் தடவி, துணியை ஒட்டி இழுத்தார். முடி வந்தது, சூடு ஆறாததால் தோலும் வெந்தது. கொப்புளத்தின் மேல் அரிதாரம் பூசிக்கொண்டு ராணி சிரித்தாள்.

“பாடியிலேர்ந்து வரலட்சுமின்னு ஒரு பொண்ணு வருது. கைய சரி பண்ணு, இல்லாங்காட்டி வேஷம் அதுக்குத்தான்” என்றார் முதலாளி பரந்தாமன்.

பூந்தமல்லி மிட்டாய்க்கடை ஜாபர் அலியின் மனைவி ரசூல் பீவி, ஹஜ்ஜுக்குப் போனபோது அரபுப் பெண்களிடம் பார்த்து வந்த நாத்தனாரிடம் கற்றுக்கொண்டு, கல்யாணப் பெண்களுக்குச் சர்க்கரைப் பாகால் முடி எடுப்பாள். அவளிடம் ஓடினான். திரைக்குப் பின்னாலிருந்து சொன்னாள்:

“சர்க்கரையில எலுமிச்சஞ்சாறும் கொஞ்சம் தண்ணியும் உட்டுத் தேன் நெறத்துக்குக் காய்ச்சணும் அண்ணாத்தே. வெதுவெதுன்னு ஆறினதும் முடிக்கு எதிர்ப்பக்கமாத் தேச்சி, முடி வளர்ற பக்கமாச் சுண்டி இழுக்கணும். ஆனா முடி அரிசி நீளமாச்சும் வேணும். நேத்து செரைச்சிட்டு இன்னிக்கு வந்தா பாகு இன்னாத்தப் புடிக்கும்?”

முடி போக, முதலில் முடி வளரவேண்டும். அதுவரை மேடை ஏற முடியாது. விடுப்புக் கேட்டான், பரந்தாமன் உடனே கொடுத்தார். அந்த ‘உடனே’தான் அவனுக்குச் சுருக்கென்றது.

பகலெல்லாம் உடுப்பு மூட்டைகளுக்கு நடுவே படுத்துக் கிடந்தான். வெளியே வரலட்சுமி அவனுடைய வசனங்களைப் பேசிப் பழகினாள். அவன் பக்கம் யாரும் எட்டிப்பார்க்கவில்லை. நாதியற்றுப் போனோம் என்று அழுதான்.

முடி வளர்ந்ததும் பாகு காய்ச்சினான். தோலை இறுக்கிப் பிடித்துக்கொள்ள இன்னொரு ஆள் இருந்தால் நல்லது. யாரைக் கூப்பிடுவது? மணிக்கட்டை முழங்காலுக்கடியில் அழுத்திக்கொண்டு தானே சுண்டினான். சுரீர் சுரீரென்று வலித்தது. சிவந்த கை மறுநாள் அடங்கி, வழவழவென்று ஆகிவிட்டது.

கையை நீட்டிக் காட்டியபடியே ஒத்திகைக்கு ஓடினான். “சேவகன் வேஷம் காலியா கீது, போட்டுக்க” என்றார் பரந்தாமன், திரும்பிப் பார்க்காமலே.

தங்கவேல் வரலட்சுமியின் கையைப் பிடித்து வசனம் பேசிக்கொண்டிருந்தான். அவள் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கறுத்த முடி இருந்தது. வெயிலில் நன்றாகவே தெரிந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கங்காதரன் ஜிப்பாக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டான்.