மூக்கர் திறந்து மூடிய குழாய்கள்

என் அக்கா வீட்டுக்காரருக்கு ‘மூக்கர்’ என்று பெயர் வைத்தது நான்தான். புதிதாகப் போட்ட குடிநீர்க் குழாய்களில் குளோரின் ஏற்றிக் கிருமி நீக்குவது எங்கள் வேலை. மேல்தொட்டியில் லிட்டருக்கு ஐம்பது மில்லிகிராம் கணக்கில் நான் மருந்து கலப்பேன். கீழே மாமா ஒவ்வொரு குழாயாகத் திறந்து, குளோரின் வந்து சேர்ந்ததும் மூடுவார். ஒரு நாள் முழுக்க அப்படியே நிற்கவிட்டு, பிறகு வெளியேற்றி அலசுவோம். வந்து சேர்ந்ததா என்று சோதனைத் தாளில் பார்ப்பதுதான் முறை. மாமாவோ முகர்ந்தே சொல்லிவிடுவார். அந்த மூக்குதான் இரண்டு குடும்பத்துக்கும் சோறு போட்டது.

மூன்று மாதத்துக்கு முன் வந்த காய்ச்சலில் அந்த மோப்பம் போயே போய்விட்டது. "பால் அடிப்பிடிச்சு வீடே நாறுது. இந்த மனுஷன் நல்லா இருக்குன்னு குடிக்கறார்டா! வெளியில மூச்சு விட்டுடாதே," என்றாள் அக்கா. நானும் விடவில்லை. வேலை போய்விடுமே என்ற பயம்தான்.

ஆஸ்பத்திரியின் புதுப் பிரசவப் பிரிவு அது. இரண்டு நாளில் திறப்பு. மருந்து ஏற்றிய மறுநாள் இன்ஜினியரம்மா வந்தார்.

"வெளியேத்திடலாமாண்ணே? எந்தக் குழாய்ல பாக்கட்டும்?"

எப்போதும் அப்படித்தான். மாமா காட்டும் ஒரே குழாயில் சோதித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். தொட்டிக்குப் பக்கத்தில் சமையலறைக் குழாய் இருந்தது. அதைக் காட்டினால் பிழைத்தோம். மாமா கையைத் தூக்கினார். அந்த நேரம் பார்த்து இரண்டு பேர் தொட்டில்களைத் தள்ளிக்கொண்டு எங்களைக் கடந்து போனார்கள். தூக்கிய கை அப்படியே நின்றது. பிறகு அவர் தொட்டில்களுக்குப் பின்னாலேயே நடந்தார்.

கடைசி அறை, பச்சைக் குழந்தைகளைக் குளிப்பாட்டும் இடம். "இதுல பாருங்கம்மா," என்றார். தண்ணீர் விழுந்தது. என் மூக்குக்கு ஒரு வாசனையும் வரவில்லை. இன்ஜினியரம்மா தாளை நனைத்தார். நிறம் மாறவில்லை. இன்னொன்றை நனைத்தார். அதுவும் வெள்ளை.

கசிவு பார்க்க முன்பு நிரப்பிய பழைய தண்ணீர்தான் அந்தக் கடைசிக் குழாயில் நின்றிருந்தது. மருந்து வந்து சேருமுன்பே மாமா மூடியிருக்கிறார்.

"மோந்து பாத்துதானே மூடுனீங்க?"

"மூணு மாசமா எனக்கு வாசனையே தெரியலம்மா. குத்துமதிப்பா எண்ணித்தான் மூடுறேன்."

அம்மா திட்டவே இல்லை. திட்டியிருக்கலாம். "திறப்பு தள்ளிப்போகட்டும். முழுசா மறுபடி ஏத்துங்க," என்றவர், சட்டென்று நின்றார். "மூணு மாசத்துல எத்தனை கட்டடம்ண்ணே?"

"அஞ்சு."

"ஆய்வகச் சோதனைக்குத் தண்ணி பிடிச்சது எந்தக் குழாய்ல?"

"நான் காட்டுன குழாய்லதாம்மா."

அம்மா நோட்டைத் திறந்தார். மாமா விரல் மடக்கினார். இரண்டு அடுக்குமாடி, ஒரு விடுதி, ஒரு ஹோட்டல். ஐந்தாவது விரலை மடக்காமல் என்னைப் பார்த்தார். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"எங்க பிள்ளைங்க படிக்கற பள்ளிக்கூடம்மா."

அங்கே புதுக் குழாய் வந்துவிட்டது, இனி பாட்டில் சுமக்க வேண்டாம் என்று என் மகனிடம் பெருமையாகச் சொல்லி அனுப்பியவன் நான்.